கிண்ணம் ஓய்ந்த பிறகு கேட்டது

என் காதுக்குள் அந்தச் சத்தம் ஐஸ் தொழிற்சாலையில் தொடங்கியது. கற்பிட்டியில் கரையோர மீன் வாடிகளுக்கு ஐஸ் கட்டி கொடுக்கிற இடம் அது. கொம்பிரசர் இயந்திரம் ஓடுகிற கொட்டகைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே பல வருடம் இருந்தேன். வேலையை விட்ட பிறகு கொம்பிரசர் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் மெல்லிய விசில் போன்ற ஒன்று இரண்டு காதுகளிலும் தங்கிவிட்டது. குக்கரில் ஆவி கசிகிற மாதிரி, இடைவிடாமல்.

கணவர் இருந்தவரை அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவர் வான் ஓட்டியவர். வீட்டில் இருந்தால் வானொலி பாடும், இல்லாவிட்டால் அவரே பாடுவார். ஒருநாள் முந்தல் ஊரில் ஆட்களை இறக்கிவிட்டு, வானை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தையும் அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். மாரடைப்பு என்றார்கள். வானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. செத்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன், தேத்தண்ணி போதுமா என்று பார்த்தேன். எட்டாம் நாள் செலவு முடிந்தது, முப்பத்தொராம் நாள் அந்திரட்டியும் முடிந்தது. எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது நெஞ்சு: இருக்கிறது, ஆனால் என்னுடையதாக இல்லை. வீட்டில் வானொலி இல்லாமல் போனதும் காதுக்குள் இருந்த விசில் மட்டும் பெரிதாகியது.

அந்த நாட்களில்தான் மாம்புரிக்கு அப்பால் கடற்கரையில் இருந்த ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வருகிற இடம். காற்று இல்லாத மாதங்களில் ஹோட்டல் வெறிச்சோடிவிடும் என்பதால், முதலாளி தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு மண்டபம் கட்டி யோகா, தியானம் என்று ஆட்களை வரவழைக்கத் தொடங்கியிருந்தார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்வதும் சிங்களம், தமிழ், இங்கிலீசு மூன்றிலும் வருகிறவர்களோடு கதைப்பதும் என் வேலை.

தியானத்துக்கு ஒலிக்கிண்ணங்களைக் கொண்டு வந்தவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள ஆசிரியர். மெல்லிய மனிதர், மெல்லிய குரல். நேபாளத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். துணிப்பைகளில் சுற்றியிருந்த பித்தளை நிறக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்ன வட்டத் தலையணைகளில் வைத்தார். சுற்றித் துணி கட்டிய தடியால் பக்கத்தில் மெதுவாகத் தட்டினால் நீளமாக ஒலித்தது. தோல் சுற்றிய கட்டையை விளிம்பில் அழுத்திச் சுற்றினால், ஈரவிரலால் கண்ணாடிக் கிளாஸ் வாயைத் தேய்க்கிறபோது பாடுமே, அப்படிப் பாடியது.

ஆட்கள் பாயில் மல்லாந்து படுப்பார்கள். அவர் கிண்ணங்களுக்கு நடுவில் இருந்து அவற்றை வாசிப்பார். அதற்கு முன்பு ஒரு பேச்சு இருக்கும். கிண்ணத்தில் ஏழு உலோகம், ஒவ்வொன்றும் ஒரு கிரகம், உடம்பில் ஏழு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. நோய் என்றால் உடம்பின் ஒரு பாகம் சுருதி தப்பியிருக்கிறது, கிண்ணம் அதைத் திரும்பச் சேர்க்கும். பிரஷர், சீனி வியாதி, தூக்கமின்மை, காது இரைச்சல் எல்லாவற்றையும் சொல்வார். நான் அதைத் தமிழ் ஆட்களுக்குத் தமிழில் சொல்லும்போது, "சேர் இப்பிடிச் சொல்றார்" என்று தொடங்குவேன். அது என் சொல் அல்ல என்பது கேட்பவர்களுக்குத் தெரியட்டும் என்று.

என் காது பற்றி எனக்கு முன்பே தெரியும். புத்தளத்தில் காது கிளினிக்குக்குப் போயிருந்தேன். சோதனை செய்தவள் பக்கத்து ஊரான தில்லையடிப் பிள்ளை ஒருத்தி. சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கிறபோது பொத்தானை அமத்தச் சொன்னாள். பிறகு கடதாசியில் கோடு ஒன்றைக் காட்டினாள். ஒரு இடத்தில் அது குழிக்குள் விழுந்தது.

"இந்த மேல் சுருதிகள்தான் அக்கா அடிபட்டிருக்கு. மிசின் சத்தத்தால வாறது. உள்ளுக்குள்ள மயிர் மாதிரி நுண்ணிய செல் இருக்கு, செத்தா திரும்ப முளைக்காது."

"அப்ப இந்த விசில்?"

"காதுல இருந்து வாறது குறைஞ்சா மூளை தானா கூட்டிப் பாக்கும், ரேடியோவுல ஸ்டேஷன் இல்லாட்டி வோலியத்தைக் கூட்டுற மாதிரி. அந்த இரைச்சல்தான். மருந்து ஒண்டும் இல்ல. ஆனா அதோட பழகலாம். ஒரேயடியா நிசப்தமா இருக்காதீங்க, மெதுவா ஃபேன் ஒண்டாவது ஓடட்டும். பெரிய சத்தத்துக்குக் கிட்டப் போகாதீங்க. ஒரு காதில மட்டும் கூடினா, இல்லாட்டி திடீரெண்டு கேட்காமப் போனா உடனே வாங்க."

அவள் சொன்னது எல்லாம் விளங்கியது. விளங்கியும் கிண்ணத்தின் பாயில் போய்ப் படுத்தேன். ஆசிரியர்தான் கூப்பிட்டார், என் காது விஷயம் அவருக்குத் தெரியவந்திருந்தது. மறுக்கிற அளவுக்கு எனக்கு ஒரு அக்கறையும் இல்லை.

முதல் முறை என்ன நடந்தது என்றால், நான் நித்திரையாகிவிட்டேன். கணவர் போன பிறகு பகலில் யாரும் என்னை ஒன்றும் செய்யாமல் படுத்திருக்க விட்டதில்லை. மூச்சு தானாக நீண்டது, தோள் இறங்கியது. எழும்பியபோது உடம்பு இலேசாக இருந்தது. விசில் இருந்த இடத்திலேயே இருந்தது. பல நாள் போனேன். ஒருநாள் அவர் பெரிய கிண்ணம் ஒன்றைத் தலைமாட்டில், காதுக்கு மிகக் கிட்ட வைத்து, பலமாகத் தட்டினார். "இது உங்களுக்கென்றே தேர்ந்த சுருதி" என்றார். பல் கூசியது. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் விசில் இரண்டு மடங்காகக் கத்தியது. அடுத்த நாள் காலையில்தான் பழைய அளவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன்.

"நல்லது," என்றார் உண்மையான மகிழ்ச்சியோடு. "அடைப்பு வெளியே வருகிறது. குணமாவதற்கு முன் கூடும்."

குறைந்தாலும் குணம், கூடினாலும் குணம் என்றால் பிறகு எப்போது நாங்கள் குணமாகவில்லை என்று சொல்வது? இதை நான் கேட்கவில்லை. பாயை மட்டும் சுவரோரமாக, கிண்ணங்களிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவர் பொய்யர் இல்லை. தனக்குத் தெரிந்ததை முழுதாக நம்பியவர். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்த முறை தியான முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர் கொழும்புத் தமிழர், பியானோ சுருதி சேர்க்கிறவர். தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பணக்கார வீடுகளிலும் உள்ள பியானோக்களை ஆயுள் முழுவதும் சரிசெய்துகொண்டு திரிந்தவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவருக்கும் காதில் விசில். அது தொடங்கிய பிறகு வேலைக்குப் போவதையே விட்டுவிட்டாராம். தமிழ் கதைக்கிறவள் நான் என்பதால் சாப்பாட்டு மேசையில் என்னைத் தேடி வருவார்.

"பிள்ளை, இஞ்ச வாரும். இந்தக் கிண்ணத்தில ஏழு உலோகம் இருக்கெண்டு சேர் சொல்றார். எனக்கெண்டா இது வெண்கலம், செம்பும் ஈயமும். தேவாலய மணியும் இதுதான்."

"வெள்ளீயமோ ஐயா?"

"ஓம், வெள்ளீயம். தங்கம் வெள்ளி கிடந்தாலும் தூசி அளவுதான் கிடக்கும். அதால ஒலிக்கிறேல்ல."

இவ்வளவு தெரிந்தவர் ஏன் வந்தார் என்று கேட்டேன். அவர் பருப்பைச் சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தார்.

"தெரியிறது வேற. சில நேரம் தெரியாத ஒண்டு இருக்கக் கூடாதோ எண்டு ஒரு ஆசை." பிறகு தலையை நிமிர்த்தினார். "உமக்கும் இரைச்சல் இருந்து, சேர்தான் போக்கினவர் எண்டு சொன்னவர். உண்மையோ?"

ஆசிரியர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

அன்று பின்னேரம் ஆசிரியர் என்னிடம் வந்தார். நாளைக் காலை எல்லோரும் சுற்றி இருந்து அனுபவம் சொல்கிற கடைசி வட்டத்தில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். காது சரியான கதையை."

"சரியாகவில்லையே சேர்."

"குறைந்திருக்கிறதே?"

"சில நாள் அது நினைவுக்கு வராது. அவ்வளவுதான்."

"அதைத்தான் சொல்லுங்கள். நல்ல மாதிரி சொல்லுங்கள்."

அடுத்த நாள் வட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். வெளியே காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றுகிற உறுமல் கேட்டது. என் முறை வந்தபோது எழும்பினேன். எனக்குப் பயமோ கோபமோ இருந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும். ஒன்றும் இல்லாததால் உள்ளதைச் சொல்வது சுலபமாக இருந்தது. முதலில் சிங்களத்தில் சொன்னேன், பிறகு இங்கிலீசில், கடைசியாக அந்த ஐயாவைப் பார்த்துத் தமிழில்.

"என்ர காதில சத்தம் இருக்கு. இப்பவும் கேக்குது. கிண்ணத்தால அது போகேல்ல. ஒருநாள் காதுக்குக் கிட்ட வச்சதால கூடினது. படுத்திருக்கேக்க உடம்பு ஆறுதலா இருக்கும், அது உண்மை. மருந்து எடுக்கிற ஆக்கள் மருந்தை விட்டிடாதேங்கோ. இரைச்சல் இருக்கிற ஆக்கள் காதைச் சோதிச்சுப் பாருங்கோ."

ஆசிரியர் கண்களை மூடிக்கொண்டு கைகூப்பினார், அடுத்தவரைப் பேசச் சொன்னார். நான் திரும்பவும் பாயில் இருந்தேன். யாரோ ஒருத்தி பேசினாள், நான் கேட்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் கடலுக்குப் போன நேரம், மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஐயா வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அப்ப எனக்கும் போகாது," என்றார்.

"என்ர போகேல்ல ஐயா. உங்கட நான் என்னெண்டு சொல்றது? ஆனா கிளினிக்கில சொன்னது இதுதான்." தில்லையடிப் பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டார். பிறகு நிலத்தில் குந்தியிருந்து, ஒரு கிண்ணத்தைக் கிட்ட இழுத்தார்.

"இதை ஒருக்காத் தட்டுவமோ? காதுக்குக் கிட்ட வேண்டாம்."

மெதுவாகத் தட்டினார். வ்வா, வ்வா, வ்வா என்று ஒலி எழும்பி அடங்கி எழும்பியது.

"சேர் இந்த அலையைத்தான் சக்தி எண்டு சொல்றார். இதில ரெண்டு சுருதி இருக்கு பிள்ளை. கிண்ணம் சரி வட்டமில்ல, ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. அதால மிகக் கிட்ட கிட்ட ரெண்டு சத்தம் வருது. ஒரு நேரம் சேர்ந்து பெரிசாகும், ஒரு நேரம் ஒண்டை ஒண்டு குறைக்கும். அதுதான் இந்த ஆட்டம். பியானோவில ஒரு சத்தத்துக்குப் பக்கத்தில பக்கத்தில மூண்டு கம்பி. அதுகளைச் சேர்க்கேக்க இந்த ஆட்டத்தைத்தான் கேப்பம். சேரச் சேர ஆட்டம் மெதுவாகும். நிண்டா, சேர்ந்திட்டுது."

"அதுதான் உங்கட வேலையோ?"

"அவ்வளவும்தான். கேக்கிறது."

மறுபடி தட்டினார். இம்முறை, "எப்ப முடியுதெண்டு பாரும்," என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், இருவரும் கேட்டோம். ஆட்டம் மெதுவாகியது. பிறகு மேல் ஒலி போய்விட்டது, கீழ் ஒலி மட்டும் இருந்தது. பிறகு அது இருக்கிறதா, இருந்ததை நான் நினைக்கிறேனா என்று தெரியவில்லை. அந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்கப் பிடிக்க மெல்லியதாகிக்கொண்டே போனது. அது முடிந்தது என்று நினைத்த இடத்தில் கடல் கேட்டது. காற்றாலை கேட்டது. கிடுகுக்குள் ஓடிய அணிலின் நகம் கேட்டது. இவற்றோடு ஒன்றாக என் விசிலும் கேட்டது. பெரிதாக இல்லை, சிறிதாகவும் இல்லை. அணிலுக்குப் பக்கத்தில், கடலுக்கு முன்னால், அது ஒரு சத்தமாக இருந்தது. "ஐயோ, திரும்பவும்" என்ற சொல் அதற்கு ஒரு கணம் பிந்தித்தான் வந்தது. இடையில் ஒரு சின்ன வெளி. அந்த வெளியில் நான் ஒன்றையும் எதிர்க்காமல் இருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஐயா தடியைக் கீழே வைத்திருந்தார்.

"எனக்கும் கேக்குது," என்றார். "சுருதி சொல்லட்டே? மேல் ஸா மாதிரி, அதைவிடக் கொஞ்சம் மேல." முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "இத்தினை நாளும் அதின்ர சுருதி என்னெண்டு நான் கேக்கவே இல்ல. துரத்துறதிலயே நிண்டிட்டன்."

அடுத்த நாள் அவர் கொழும்புக்குப் போனார். சில மாதம் கழித்து ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினார். காதைச் சோதித்தாராம், மேல் சுருதிகளில் அவருக்கும் குழிதான். ஒரு பள்ளிக்கூடத்து பியானோவைச் சரிசெய்யப் போயிருக்கிறார். கடைசி மேல்கட்டைகளை மட்டும் ஒரு பழைய மாணவனிடம் விட்டுவிடுகிறாராம். "மிச்சமெல்லாம் நான்தான்," என்றார். விசில் இருக்கிறதா என்று கேட்டேன். "அதுவும் கூட வருது," என்றார்.

ஆசிரியர் என்னோடு சில நாள் கதைக்கவில்லை. பிறகு ஒரு காலை, மண்டபத் தூணில் கட்டியிருந்த துணியைக் கழற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "விளம்பரத்திலிருந்து காது என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்."

"பிரஷர், சீனி?"

"அதுவும்."

சக்கரங்கள் அதில் இருந்தன, ஏழு உலோகமும் இருந்தது. அவ்வளவுக்கு மேல் நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆட்கள் குறைந்தார்கள் என்றும் இல்லை, கூடினார்கள் என்றும் இல்லை. கிட்ட வைக்கிற கிண்ணங்களை அவர் தள்ளி வைக்கத் தொடங்கினார். ஒருமுறை தானே வந்து, "நீங்கள் அன்றைக்கு அவரோடு என்ன கேட்டீர்கள்?" என்று கேட்டார். முடிவைக் கேட்டோம் என்றேன். அவர் ஒரு கிண்ணத்தைத் தட்டிவிட்டு என்னோடு இருந்து கேட்டார். முடியும் முன் இருமுறை அடுத்த கிண்ணத்துக்குக் கை போனது. போன கையை அவரே திரும்ப மடியில் வைத்தார்.

நான் இப்போதும் ஒவ்வொரு காலையும் வேலை தொடங்கும் முன் மண்டபத்தில் இருக்கிறேன். பல நாட்கள் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. கேட்கிறதைக் கேட்பேன், அவ்வளவுதான். சில நாள் மனம் எங்கோ போய்விடும். போனது தெரிந்ததும் திரும்ப வருவேன். சில நாள் முழு நேரமும் சலிப்பாக இருக்கும். இதில் உடம்பு குணமாகிறது என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். சத்தம் வருகிறதும் போகிறதும் தெரிகிறது. வந்ததும் நான் அதோடு ஒரு கதையைச் சேர்ப்பதும் தெரிகிறது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் ஒன்று நடந்தது. என் மச்சாள், கணவரின் தங்கை, முந்தலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வந்ததும் தொடங்குவார். அண்ணனை நேரத்துக்கு டொக்டரிடம் காட்டவில்லை, நெஞ்சு நோகிறது என்று சொன்னாரா, இல்லையா, எல்லோரும் அழுதபோது உங்களுக்குக் கண்ணீர் வரவில்லையே. நான் ஓம் ஓம் என்பேன். கொம்பிரசருக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில் எப்படி இருந்தேனோ, அப்படியே இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேசிக்கொண்டிருந்தபோது, நான் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பதை நானே கவனித்தேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. "நெஞ்சு நோகுதெண்டு அண்ணா ஒருக்காலும் சொல்லேல்லையோ மச்சாள்?" என்றபோது குரல் மேலே போய் அப்படியே நின்றது. அது குற்றச்சாட்டு இல்லை. அவருக்கு உண்மையில் தெரியாது. பல மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"சொல்லேல்ல," என்றேன். "அண்டைக்குக் காலமை பாணும் சம்பலும் சாப்பிட்டவர். உறைக்குது எண்டவர். வேற ஒண்டும் சொல்லேல்ல."

மச்சாள் என்னையே பார்த்தார். பிறகு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். அவர் அழுகை ஏறியது, இறங்கியது, மூக்கை உறிஞ்சினார், மறுபடி ஏறியது. அவரை ஆற்றவேண்டும் என்றோ நிறுத்தவேண்டும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. அது ஓயும்வரை இருந்தேன்.

"உறைக்குது எண்டவரோ?" என்றார் கடைசியில்.

"ஓம். உறைக்குது எண்டுபோட்டு இன்னும் போடச் சொன்னவர்."

"அவர் சின்னனிலயும் அப்பிடித்தான்," என்று மச்சாள் தொடங்கினார். நான் கதிரையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.